வழவழப்பான தெர்மல் படம், அதே 768 எண்கள்

MLX90640 என்ற தெர்மல் சென்சாரை வாங்கி ஒரு சின்ன திரையோடு இணைத்து ஓடவிட்டால், முதலில் வருவது கட்டம் கட்டமான ஒரு படம். அகலத்தில் 32, உயரத்தில் 24, மொத்தம் 768 கட்டங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று அதை 320×240 ஆகப் பெரிதாக்கினால், கடைகளில் விற்கும் விலை உயர்ந்த தெர்மல் கேமராவின் படம் போலவே வழவழவென்று ஆகிவிடும். கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக அப்படிச் செய்வதில் தவறே இல்லை. அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து "இந்த இடத்தில் இத்தனை டிகிரி" என்று சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வீட்டு மின்சார டிபி பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். எம்சிபி சுவிட்ச் ஒன்றின் ஸ்க்ரூ லூஸாகி, அந்த இணைப்பு 100°C வரை சூடாகியிருக்கிறது. சூடான பரப்பு சுமார் 1 செ.மீ.க்கு 1 செ.மீ. சுற்றியுள்ள எல்லாம் 35°C. இந்த சென்சாரின் 55° லென்ஸ் வகை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது, ஏறக்குறைய 104 செ.மீ. அகலத்தைப் பார்க்கிறது. அதை 32 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலின் பங்கு சுமார் 3¼ செ.மீ. ஆக, நம் இணைப்பு அந்தச் சதுரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிக்சல் என்ன செய்யும்? தன் சதுரத்துக்குள் இருந்து வரும் கதிர்வீச்சு முழுவதையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். 100 டிகிரி இணைப்பும் அதைச் சுற்றியுள்ள 35 டிகிரி பிளாஸ்டிக்கும் கலந்து வரும் எண் சுமார் 43°C. இணைப்பு நான்கு பிக்சல்கள் சந்திக்கும் மூலையில் விழுந்துவிட்டால் வெப்பம் நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 37°C அளவில்தான் காட்டும். ஸ்க்ரூ தலை பளபளப்பான உலோகமாக இருந்தால் அது தன் சூட்டையே சரியாகக் கதிர்வீசாது. அது தனிக் கதை, இந்த எண்களை இன்னும் கீழே இழுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 43 என்ற எண் பல காட்சிகளிலிருந்து வரலாம். 1 செ.மீ. அளவில் ஒரு 100 டிகிரிப் புள்ளியாக இருக்கலாம், அதைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளாக இருக்கலாம், அல்லது அந்தச் சதுரம் முழுவதும் சீராக 43 டிகிரியில் இருக்கலாம். முதலாவது ஆபத்து, கடைசியது பெரும்பாலும் சாதாரணம். பிக்சலுக்குள் எது இருந்தது என்ற தகவல் சென்சாரிலேயே கரைந்துபோய்விட்டது. மூன்று காட்சிகளும் ஒரே 768 எண்களைத் தந்தால், பெரிதாக்கும் நிரல் மூன்றுக்கும் ஒரே படத்தைத்தான் வரையும். நடுவில் சிவந்து ஓரத்தில் மஞ்சளாகி மெல்ல மறையும் அழகான வட்டம் ஒன்று வரும். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு "நடுவிலிருந்து சூடு படிப்படியாகக் குறைகிறது" என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிப்படியான குறைவு டிபி பாக்ஸில் இல்லை, கணக்குச் சூத்திரத்தில் இருக்கிறது.

சூத்திரம் இன்னொரு வேலையும் செய்யும். பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவே நேர்கோடு போடும் லீனியர் முறை, அளந்த எண்களுக்கு இடைப்பட்டதை மட்டுமே தரும். 35-க்கும் 43-க்கும் நடுவில் 39 என்று எழுதிவிடும். யாரும் அளக்காத எண்தான், ஆனாலும் எல்லை மீறாது. அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்து வளைகோடு போடும் பைகியூபிக் முறை அப்படியல்ல. ஒரு வரிசையில் 35, 43, 43, 35 என்று நான்கு பிக்சல்கள் இருந்தால், பரவலாகப் பயன்படும் கியூபிக் கணக்கில் சரியான நடுப்புள்ளி (−35 + 9×43 + 9×43 − 35) ÷ 16, அதாவது 44. சென்சார் எங்குமே 44 பார்க்கவில்லை. அதேபோல் 35, 35, 35, 43 என்றிருந்தால் நடுவில் வருவது 34.5. சூடான இடத்தைச் சுற்றி மெலிதாக ஒரு குளிர்ந்த வளையம் தெரியும். வண்ண அளவை ஒவ்வொரு படத்துக்கும் தானாக விரித்துக்கொள்ளும் செயலியில் இந்த வளையம் நன்றாகவே எடுப்பாகத் தெரியும், ஈரம் கோத்திருக்கிறது என்றுகூடச் சிலர் முடிவுகட்டிவிடுவார்கள்.

கணினியில் பார்த்துவிடலாம்:

```python
import numpy as np
from scipy.ndimage import zoom

raw = np.full((24, 32), 35.0)
raw[12, 15:17] = 43.0
for k in (0, 1, 3):
    big = zoom(raw, 10, order=k)
    print(k, big.min(), big.max())
```

`order=0`, `order=1` இரண்டிலும் எண்கள் 35-க்கும் 43-க்கும் உள்ளேயே நிற்கும். கியூபிக் முறையான `order=3` வந்ததும் கீழேயும் மேலேயும் வெளியே போய்விடும். அதனால் அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி, எச்சரிக்கை வரம்பு எல்லாவற்றையும் மூல எண்களான `raw` மேல் கணக்கிட்டுவிட்டு, பிறகு காட்டுவதற்காக மட்டும் பெரிதாக்குவதே சரி. சேமிக்கும்போதும் அப்படியே. வழவழப்பான JPEG ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூல எண்களை வீசிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒப்பிட உங்களிடம் ஒன்றும் இருக்காது. 768 எண்கள் ஒரு சின்ன CSV கோப்பில் அடங்கிவிடும்.

சூடான இடம் பிக்சலைவிடச் சிறியதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தூரத்தை மாற்றாமல் கேமராவைப் பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை செ.மீ. வீதம் மெல்ல நகர்த்திக்கொண்டே போய், மூலப் படத்தின் அதிகபட்ச எண்ணைக் கவனியுங்கள். பல பிக்சல்களை நிரப்பும் அளவுக்குப் பெரிய சூடான பரப்பென்றால் அந்த எண் பெரிதாக மாறாது. 43, 39, மறுபடி 43 என்று ஏறி இறங்கினால், பொருள் பிக்சலுக்குள் ஒளிந்திருக்கிறது, நீங்கள் படிக்கும் எண் அதன் வெப்பநிலை அல்ல. அடுத்து கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நெருங்க நெருங்க எண் ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

நம்பிச் சொல்ல, பொருள் குறைந்தது 3×3 பிக்சல்களையாவது நிரப்ப வேண்டும் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் அளவு. நம் 1 செ.மீ. இணைப்புக்கு 32×24 சென்சாரில் அதற்குச் சுமார் 10 செ.மீ. வரை நெருங்க வேண்டும். கரன்ட் ஓடும் டிபியின் மூடியைக் கழற்றிவிட்டு அவ்வளவு கிட்டே போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 160×120 பிக்சல் கொண்ட லெப்டான் 3.5 தெர்மல் சென்சார் அரை மீட்டரிலேயே அதே வேலையைச் செய்துவிடும். கேமரா வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் திரை ரெசல்யூஷனை விட்டுவிட்டு, ஐஆர் சென்சாரின் பிக்சல் எண்ணிக்கையையும் லென்ஸின் கோணத்தையும் தேடச் சொல்வது இதனால்தான்.

சாதாரண கேமராவின் ஓரக்கோடுகளைத் தெர்மல் படத்தின் மேல் ஏற்றிக் காட்டும் வசதியும் இப்படித்தான். எம்சிபியின் எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும், எந்த ஸ்க்ரூ என்று அடையாளம் காண மிகவும் உதவும். வெப்பநிலை மட்டும் அதே பழைய பிக்சலில்தான் இருக்கும். உண்மையிலேயே புதிய தகவலைச் சேர்க்கும் முறை ஒன்று இருக்கிறது: கையின் இயல்பான நடுக்கத்தில் அரைப் பிக்சல், கால் பிக்சல் நகர்ந்த பல படங்களை எடுத்து, ஒன்றாகக் கோத்துக் கணக்கிடுவது. ஒவ்வொரு படமும் காட்சியைச் சற்று வேறு இடத்தில் வெட்டி அளப்பதால் அங்கே புது அளவீடு இருக்கிறது. ஆனாலும் லென்ஸின் மங்கலும் பிக்சலின் அகலமும் அதற்கு எல்லை போட்டுவிடும், 32×24 ஒருபோதும் 320×240 ஆகாது. கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி வைத்துப் பல படங்களின் சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும், நுணுக்கம் கூடாது.

ரிப்போர்ட்டில் "இணைப்பின் வெப்பநிலை 43°C" என்று எழுதாதீர்கள். "ஒரு மீட்டர் தூரம், 32×24 சென்சார், 55° லென்ஸ், மூலப் படத்தின் அதிகபட்சம் 43°C, சூடான பகுதி ஒரு பிக்சலைவிடச் சிறியது, உண்மை வெப்பநிலை இதைவிட அதிகம்" என்று எழுதினால், படிக்கிற எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு அந்த ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்ப்பார்.