இரண்டாவது காரணி கிடைத்தவுடன் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆய்வு மாணவர்களின் வினாக்கொத்துகளையும் காரணிப் பகுப்பாய்வு அட்டவணைகளையும் அடிக்கடி பார்க்கக் கிடைக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் நடந்த அதே குளறுபடிகள், அதே ஒழுங்கில், இன்றும் வருகின்றன. விடுபட்ட பதிலைப் பூச்சியம் என்று பதிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், யாராவது ஒருவர் கண்ணில் அவை பட்டுவிடும். கண்ணில் படாமல் ஆய்வையே தின்றுவிடும் தவறு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எதிர்மறைக் கூற்றுகளைப் புதிய எண்ணக்கரு என்று நம்புவது

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் கமக்காரர்களிடம், தங்கள் கமக்காரர் அமைப்பின் மீது எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். பத்துக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி விடை. ஐந்து கூற்றுகள் அமைப்பின் குழுவைப் பற்றியவை: கணக்கைக் காட்டுகிறார்கள், சொன்னதைச் செய்கிறார்கள் என்ற மாதிரி. மற்ற ஐந்தும் வாய்க்காலில் தண்ணீர் பங்கிடும் விதம் பற்றியவை. யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வோர் ஐந்திலும் இரண்டை எதிர்மறையாக எழுதியிருந்தார். ஆக ஆறு நேர்க்கூற்று, நாலு எதிர்க்கூற்று. எதிர்க்கூற்றுகளின் புள்ளிகளை முறையாகத் திருப்பியும் இருந்தார்.

எண்களைச் சற்று எளிமையாக்கித் தருகிறேன். நேர்க்கூற்றுகள் தங்களுக்குள் 0.45 அளவில் இணைபு கொண்டிருந்தன. எதிர்க்கூற்றுகளும் தங்களுக்குள் 0.45. ஆனால் ஒரு நேர்க்கூற்றுக்கும் ஓர் எதிர்க்கூற்றுக்கும் இடையே 0.30 தான். இந்த அணியைப் பகுத்தால் முதல் ஐகன் பெறுமானம் 4.34, இரண்டாவது 1.26, மீதி எட்டும் 0.55. பத்துக் கூற்றுக்கும் சேர்த்துக் குரோன்பாக் அல்பா 0.85. அல்பாவைப் பார்த்தால் எல்லாம் ஒரே எண்ணக்கரு போலத் தோன்றும், 1 ஐத் தாண்டிய ஐகன் பெறுமானங்களை எண்ணினால் இரண்டு. மாணவி இரண்டை எடுத்தார். இரண்டாவது காரணியில் அந்த நாலு எதிர்க்கூற்றும் அச்சொட்டாக உட்கார்ந்திருந்தன. அதற்கு ‘நிறுவன அவநம்பிக்கை’ என்று பெயர் வைத்தார். நம்பிக்கையும் அவநம்பிக்கையும் வெவ்வேறு என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினார். இரண்டையும் பிற்செலவில் ஒன்றாகப் போட்டார். 0.67 இணைபு உள்ள இரண்டு காரணிகள் ஒன்றன் பங்கை மற்றது பிடுங்கி, அவநம்பிக்கை உள்ளவர்கள்தான் கூட்டத்துக்கு அதிகம் வருகிறார்கள் என்று ஒரு விசித்திர முடிவு வந்தது. அதன்மேல் பரிந்துரைகள் வேறு.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அட்டவணையில் பிழை எதுவும் இல்லை, மென்பொருள் சொன்னதும் சரி. ஆனால் அந்த நாலு கூற்றில் இரண்டு குழுவைப் பற்றியவை, இரண்டு தண்ணீரைப் பற்றியவை என்பதை யாரும் கவனிக்கவில்லை. உள்ளடக்கத்தில் அவற்றுக்குப் பொதுவாக இருந்தது, எழுதிய விதம் மட்டுமே. உண்மையிலேயே இரண்டு எண்ணக்கரு இருந்திருந்தால், குழுவின் ஐந்து ஒரு பக்கமும் தண்ணீரின் ஐந்து மறுபக்கமும் பிரிந்திருக்க வேண்டும். காரணி உள்ளடக்கத்தின் வழியே போகிறதா, சொல்லமைப்பின் வழியே போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? கள நேர்காணலில் போய் உட்கார்ந்து கேட்டால் புரியும். ‘தண்ணீர் பங்கீடு நியாயமாக நடப்பதில்லை’ என்று வாசித்ததும், வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒருவர் “இல்லைப் பிள்ளை” என்கிறார். நடப்பதில்லை என்று ஒத்துக்கொள்கிறாரா, கூற்றை மறுக்கிறாரா? பதிபவர் தன் ஊகத்தைத்தான் பதிகிறார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டுகிறார், வேலைக்குப் போக வேண்டும் அவருக்கு. இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் தேவையில்லை. 1985 இல் ஷ்மிட், ஸ்டல்ட்ஸ் இருவரும் செயற்கைத் தரவில் காட்டியபடி, பத்தில் ஒருவர் கூற்றின் திசையைக் கவனிக்காமல் பதில் சொன்னாலே எதிர்க்கூற்றுகள் தனிக் காரணியாகத் திரண்டுவிடும். ரோசன்பர்க்கின் சுயமதிப்பு அளவுகோல் 1965 இல் வந்தது. அதில் ஐந்து நேர், ஐந்து எதிர். அது ஒரு காரணியா இரண்டா என்ற வாக்குவாதத்தின் பெரும்பகுதி இந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தது.

சரி, தரவு கையில் வந்துவிட்டது, இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், திருப்புவதற்கு முந்திய மூலப் புள்ளிகளை எடுங்கள். ‘கணக்கைக் காட்டுகிறார்கள்’ என்பதற்கும் ‘கணக்கை மறைக்கிறார்கள்’ என்பதற்கும் ஒருசேர 5 போட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களை ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் இரண்டாவது ஐகன் பெறுமானம் கரைந்துபோகிறதா? கரைந்தால் விடை பெரும்பாலும் கிடைத்த மாதிரி. கரையாவிட்டால் முடிவில்லை, ஏனென்றால் அப்பட்டமாக முரண்பட்டவர்கள் மட்டுமே இந்த வலையில் விழுவார்கள். அப்புறம், இரண்டு காரணிகளையும் வெளியே உள்ள ஏதாவதொன்றோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள்: கூட்ட வருகை, பராமரிப்புக் கட்டணம் செலுத்தியது, வயல் வாய்க்காலின் எந்தப் பகுதியில் இருக்கிறது. எல்லாவற்றோடும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், இரண்டாவதற்குத் தனிப் பெயர் வைக்க நியாயம் குறைவு.

உறுதிப்படுத்தும் பகுப்பாய்வில் சொல்லமைப்பை வெளிப்படையாகவே மாதிரியில் சேர்க்கலாம். R இல் இப்படி. `nam` நம்பிக்கை, `sol` சொல்லமைப்பு, `k` குழு, `n` தண்ணீர், கடைசியில் வரும் `n` எதிர்க்கூற்று:

```
library(lavaan)
m <- 'nam =~ k1+k2+k3+k4n+k5n+n1+n2+n3+n4n+n5n
      sol =~ k4n+k5n+n4n+n5n
      nam ~~ 0*sol'
f <- cfa(m, data=d, ordered=TRUE)
```

இதை உள்ளடக்கப்படி பிரித்த இரண்டு காரணி மாதிரியோடு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சொல்லமைப்புக் காரணி சேர்த்த மாதிரி ஏறக்குறைய எப்போதுமே நன்றாகப் பொருந்தும், அதற்கு நெகிழ்வு அதிகம். அதனால் பொருத்தக் குறியீட்டை மட்டும் காட்டி வழக்கை முடிக்க முடியாது. மேலே சொன்ன இரண்டும் கூடவே வேண்டும்.

இந்த மாணவிக்காவது எதிர்க்கூற்றுகள் இரண்டு உள்ளடக்கத்திலும் பரவியிருந்தன, அதனால் அவிழ்க்க முடிந்தது. முல்லைத்தீவுப் பக்கம் நடந்த இன்னோர் ஆய்வில் குழுவைப் பற்றிய எல்லாம் நேராகவும் தண்ணீரைப் பற்றிய எல்லாம் எதிராகவும் எழுதப்பட்டிருந்தன. அங்கே காரணி இரண்டாகப் பிரிந்தது உள்ளடக்கத்தாலா சொல்லாலா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. மறுபடி களத்துக்குப் போக வேண்டியதுதான். அதுவும் அறுவடைக் காலம்.

ஐகன் பெறுமானம் 1 க்கு மேல்

SPSS இன் இயல்பிருப்பு அதுதான் என்பதற்காக எடுக்காதீர்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத கண்டபடி எண்களைக் கொடுத்தாலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பெறுமானங்கள் 1 ஐத் தாண்டும், சராசரியே 1 தானே. உங்கள் பெறுமானங்களை அப்படிப்பட்ட எண்களின் பெறுமானங்களோடு ஒப்பிடும் `fa.parallel` ஐ R இன் `psych` தொகுப்பில் ஓட்டுங்கள். ஆனால் மேலே சொன்ன பொய்க் காரணியை அதுவும் பிடிக்காது. தரவில் அது உண்மையாகவே இருக்கிறது, அர்த்தம்தான் வேறு.

வரிமாக்ஸ் சுழற்சி

நம்பிக்கையின் இரண்டு பகுதிகள் தொடர்பே அற்றவை என்று கட்டாயப்படுத்தும். `oblimin` போடுங்கள்.

அதே தரவில் தேடி, அதே தரவில் உறுதிப்படுத்துவது

அது உறுதிப்படுத்தல் அல்ல.

அடுத்த வினாக்கொத்தில்

எல்லாவற்றையும் நேராக எழுதிவிடலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், ஆனால் “ஓம்” சொல்பவர்கள் அப்போது எல்லா இணைபையும் உயர்த்தி, இரண்டு எண்ணக்கருவையும் ஒன்று போலக் காட்டிவிடுவார்கள். நான் எதிர்க்கூற்றுகளை வைத்துக்கொள்வேன், ஒவ்வொரு உள்ளடக்கத்திலும் சம எண்ணிக்கையில். வாய்மொழியாகக் கேட்கும் இடத்தில் ‘இல்லை’, ‘அல்ல’, ‘-வதில்லை’ என்று முடியும் கூற்றை மட்டும் சேர்க்க மாட்டேன். ‘கணக்கைக் காட்டுவதில்லை’ என்பதற்குப் பதில் ‘கணக்கை மறைக்கிறார்கள்’. இதற்கு “ஓம்” என்றால் ஓம்தான், “இல்லை” என்றால் இல்லைதான்.