அரைமண்டியில் விசிறி ஒழுங்காக விரிய: ஒத்திகைப் படத்துக்குப் பரதநாட்டிய உடை கட்டும் முறை

பரதநாட்டிய உடையை நின்றபடி கண்ணாடியில் பார்த்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். கால்களுக்கு முன்னால் தொங்கும் மடிப்புத் துணியான விசிறி மூடியிருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் அமர்ந்ததும்தான் மடிப்பின் கோணலும் கரையின் ஏற்ற இறக்கமும் வெளிப்படும். தைத்த பைஜாமா உடையில், விசிறி தனித் துண்டாக வரும் வகைக்கான முறை இது.

முதல் நாளே விசிறியை மடித்துவிடுங்கள். மேலிருந்து தொடங்காமல், கோபுர வடிவங்கள் வரிசையாக உள்ள டெம்பிள் பார்டர் இருக்கும் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கோபுரத்தின் உச்சியில் வெளிமடிப்பு, அடுத்த கோபுரத்துக்கு முன்னுள்ள பள்ளத்தில் உள்மடிப்பு. கோபுரத்தின் அகலம் 5 செ.மீ. என்றால் ஒவ்வொரு மடிப்பும் 2.5 செ.மீ. வரும். இப்படிச் செய்தால் விசிறி விரியும்போது கோபுர உச்சிகள் எல்லாம் முன்னால் வரிசையாக நிற்கும். தையற்காரர் ஏற்கெனவே மடிப்பு வைத்துத் தைத்திருந்தால் அதை மாற்ற வேண்டாம், அந்தத் தடத்திலேயே மடியுங்கள்.

மேலே பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பட்டில் தண்ணீர் தெளித்தால் கறை நிற்கும். அப்புறம் பருத்தி நாடாவால் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டி, உடுத்தும்வரை தட்டையாக வையுங்கள்.

உடுத்தும்போது பைஜாமா, ரவிக்கை, மேலாக்கு, அதன் பிறகு விசிறி, பின்பக்கத் துணி என்ற வரிசை வசதியானது. விசிறியின் நடுமடிப்பு தொப்புளுக்கு நேர் கீழே வரட்டும். கீழ் விளிம்பு சலங்கையை மறைக்கக் கூடாது. ஊக்கை இடுப்புப் பட்டியில் மட்டும் குத்துங்கள். மடிப்புகளின் ஊடே குத்தினால் விசிறி விரியாது, அரைமண்டியின் இழுப்பில் பட்டும் கிழியும்.

இப்போது நாடாவை அவிழ்த்துவிட்டு மாணவியை அரைமண்டியில் அமரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கரை மேலே ஏறியிருந்தால் கீழே பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் அந்தப் பக்க இடுப்புப் பட்டிதான் மேலே போயிருக்கும். ஊக்கைக் கழற்றி அங்கேயே இறக்கிக் குத்த வேண்டும்.

ஒட்டியாணம் கடைசியில். நின்றபடி இறுக்கினால் அரைமண்டியில் வயிற்றை அழுத்தும், முகத்திலும் அது தெரிந்துவிடும். அதனால் அரைமண்டியிலேயே, மூச்சை இழுத்த நிலையில், ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பூட்டுங்கள். அதன் நடுப்பதக்கமும் விசிறியின் நடுமடிப்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும். மேலே நழுவுகிற ஒட்டியாணத்தை இரு பக்கமும் உடையோடு நூலால் ஒரு தையல் போட்டு நிறுத்தலாம்.

படம் எடுப்பவர் கேமராவை ஒட்டியாணத்தின் உயரத்தில் பிடிக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் விசிறி குட்டையாகத் தெரியும். நேர் எதிரே அடிக்கும் பிளாஷில் மடிப்பின் நிழல் போய்விடும், பக்கத்து ஜன்னல் வெளிச்சமே மேல். முதல் படத்தைப் பெரிதாக்கி விசிறியின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி இடுப்புப் பட்டியைச் சரிசெய்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள்.