ஊமையாக்கினால் டேட்டா மிச்சமாகாது: மொபைல் பிரவுசரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமாவின் பிளான் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்துபோய் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். "நான் வீடியோவே பார்க்கறதில்லப்பா, பேப்பர் மட்டும்தான் படிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் படித்த செய்தித் தளத்தின் மூலையில் ஒரு சின்ன வீடியோ, சத்தமில்லாமல், தானாக ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் செய்திருந்த முதல் தவறு, குரோமில் Site settings-க்குள் போய் Sound-ஐ அணைத்தது. சத்தம் நின்றதும் வீடியோவும் நின்றதாக நினைத்துவிட்டார். மொபைல் குரோம், சத்தமில்லாத வீடியோ தானாக ஓடுவதை வழக்கமாக அனுமதிக்கும். தளங்களும் அதைத் தெரிந்துகொண்டு ஊமையாகவே தொடங்குகின்றன. காதுக்கு எட்டாத வீடியோவும் இறங்கத்தான் செய்யும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் சாதாரணத் தர வீடியோவே நிமிடத்துக்கு ஏழரை எம்பி தின்னும்.

சோதித்துப் பார்த்தோம். போனின் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பகுதிக்குள் App data usage இருக்கும் (போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறலாம்). அதில் குரோமைத் தொட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தச் செய்திப் பக்கத்தைப் பத்து நிமிடம் திறந்து வைத்தோம். 82 எம்பி ஏறியது. சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி பத்து நிமிடம் வைத்தபோதும் ஏறக்குறைய அதே அளவு. காலையும் மதியமுமாக மாமா ஒன்றரை மணி நேரம் படிப்பார். அப்படிப் பார்த்தால் 738 எம்பி, அன்றைய கோட்டாவில் பாதி.

இரண்டாவது தவறு அதே திரையில்தான். அங்கே Foreground, Background என்று இரண்டு கணக்கு இருக்கும். மாமா Background data-வை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். ஆனால் ஆண்ட்ராய்டுக்கு 'பின்னணி' என்றால் குரோம் ஆப்பே கண்ணில் படாமல் இருப்பது. குரோம் திரையில் இருக்கும்போது மற்ற டேப் இழுப்பதெல்லாம் Foreground-இலேயே சேரும். அந்த ஸ்விட்ச் அதைத் தொடாது. உங்கள் போனிலும் Foreground எண்தான் பெரிதாக இருந்தால், திருடன் வாசலிலேயே நிற்கிறான் என்று அர்த்தம்.

டேப்கள் மேல் பழி கொஞ்சம் அதிகமாகவே விழுகிறது. அறுபது டேப் திறந்திருந்தால் அறுபதும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்காது. மறைந்திருக்கும் டேப்பின் வேலையை குரோம் வெகுவாகக் குறைத்துவிடும். செலவு வருவது வேறு வழியில். மெமரி போதாதபோது பழைய டேப்களை போன் தூக்கி எறிந்துவிடும், நீங்கள் திரும்பிப் போகும்போது பக்கம் முழுவதையும் மறுபடி இறக்கும். திரை ஒரு கணம் வெள்ளையாகிப் பக்கம் புதிதாக வந்தால் அதுதான் நடந்திருக்கிறது, வீடியோவும் முதலிலிருந்து ஓடும். கிரிக்கெட் ஸ்கோர் போலத் தானே புதுப்பித்துக்கொள்ளும் பக்கங்களை மட்டும் வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

டேட்டா மிச்சமாகும் என்று தினமும் கேஷை அழிப்பவர்களும் இருக்கிறார்கள். இது நேர் எதிர்! ஏற்கெனவே இறக்கி வைத்த படங்களையும் எழுத்துருக்களையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி காசு கொடுத்து இறக்குகிறோம். பழைய குறிப்புகளைப் பார்த்து, டேட்டாவை மிச்சப்படுத்த குரோமில் முன்பு இருந்த Lite mode-ஐத் தேடுவதும் வீண். 2022-இலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

சரி, என்ன செய்தோம்? குரோமிலேயே இருப்பதென்றால் Settings, Site settings, JavaScript என்று போய், Add site exception-இல் அந்தத் தளத்தின் முகவரியைச் சேர்க்கலாம். அந்தத் தளத்தில் மட்டும் ஸ்கிரிப்ட் ஓடாது, வீடியோ பெட்டியும் பெரும்பாலும் எழாது. சேர்த்தபின் அதே பத்து நிமிடத்துக்கு 4 எம்பிதான் ஏறியது. ஆனால் எல்லாத் தளமும் இதைத் தாங்காது. சிலவற்றில் எழுத்துகூட வராமல் வெற்றுப் பக்கம் நிற்கும். லாகின் செய்யும் தளங்களில் இதை முயலவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், நிறைய செய்தித் தளம் படிப்பவருக்கு ஃபயர்ஃபாக்ஸ் நல்லது. அதன் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிகள் உள்ள பகுதியில் Autoplay என்று ஒன்று உண்டு. முன்னிருப்பாக அது சத்தத்தை மட்டுமே தடுக்கும், எனவே அப்படியே விட்டால் மாமாவின் கதைதான். ஒலி, ஒளி இரண்டையும் மொபைல் டேட்டாவில் மட்டும் தடுக்கும் தேர்வும் அங்கேயே இருக்கிறது. அதை வைத்துவிட்டால் வீட்டு வைஃபையில் வீடியோ ஓடும், வெளியே போனால் நிற்கும். மாமா இப்போது செய்திக்கு ஃபயர்ஃபாக்ஸ், மற்றதற்கெல்லாம் குரோம்.