சாமை முறுக்கு பாக்கெட்டுக்கு டிசைன் பிரீஃப் எழுதுவது எப்படி?

மலைக் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 150 கிராம் சாமை முறுக்கைச் சென்னை, கோவை இயற்கை அங்காடிகளுக்கு அனுப்பப்போகிறது என்று வையுங்கள். என்ன வேண்டும் என்று டிசைன் ஸ்டுடியோவுக்கு எழுதித் தரும் பிரீஃப் இரண்டு பக்கம் போதும். அதில் நிறம், லோகோ பற்றி எழுதுவதற்கு முன்னால் சமையற்கட்டுக் கணக்கு வர வேண்டும்.

1. முதலில் தராசு

லேபிளின் முகப்பில் சாமையைப் பெயராலோ படத்தாலோ முன்னிறுத்தினால், அது எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதி இது. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஓர் உதாரணக் கணக்கு: சாமை மாவு 5 கிலோ, அரிசி மாவு 3 கிலோ, பொட்டுக்கடலை மாவு 1.5 கிலோ, எள், ஓமம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து அரை கிலோ. மொத்தம் 10 கிலோ, ஆகவே சாமை 50 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் முறுக்கு குடித்த எண்ணெயும் சேர்மானம்தான். பொரிக்கும் முன்னும் பின்னும் எண்ணெயை எடை போடுங்கள். 2.5 கிலோ குறைந்திருந்தால் மொத்தம் 12.5 கிலோ, சாமை 40 சதவீதம். பின்பக்கச் சேர்மானப் பட்டியலும் எடை இறங்குவரிசையில் போவதால், எண்ணெய் பொட்டுக்கடலையைத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்துவிடும். ஸ்டிக்கர் அடித்த பிறகு இது தெரியவந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும்.

2. எழுதக் கூடாத சொற்கள்

சிறுதானியம் என்றதும் டிசைனர் 'குளூட்டன் இல்லாதது' என்று ஒரு முத்திரை வரைந்துவிடுவார். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும், குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம்தான். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். மாவு அரைக்கும் மில்லில் கோதுமையும் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் என்று ஆய்வக அறிக்கை கையில் இல்லாவிட்டால், 'இந்தச் சொல் வேண்டாம்' என்று பிரீஃபிலேயே எழுதிவிடுங்கள். 'நார்ச்சத்து நிறைந்தது' என்று போடவும் 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும். பொரித்த முறுக்குக்கு அதைச் சோதிக்காமல் எழுத முடியாது.

3. கதிரைக் கையில் கொடுங்கள்

இணையத்தில் மில்லட் படம் தேடினால் கம்பும் கேழ்வரகும் கலந்து வரும். கம்பங்கதிர் உருளையாக விறைத்து நிற்கும், கேழ்வரகு விரல் மடக்கியது போலிருக்கும், தினை நரிவால் போலத் தொங்கும். சாமைக்கு இவை எதுவும் பொருந்தாது. மெல்லிய கிளைகள் பிரிந்து, நுனியில் மணிகள் தனித்தனியே ஆடும். நாலு கதிர், ஒரு பிடி அரிசி, பொரித்த முறுக்கு மூன்றையும் பிரீஃபோடு அனுப்பிவிடுங்கள். சாமை பயிரிட்டவர் கண்ணில் தவறான கதிர் உடனே படும்.

4. எதில் அச்சு?

இதைச் சொல்லாத பிரீஃபுக்கு எட்டு நிற டிசைன் வந்து நிற்கும். பவுச்சுக்கான பிலிமிலேயே அடிக்கும் கிராவ்யூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் வெட்ட வேண்டும், பெரிய அளவில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். முதல் 2,000 பாக்கெட்டுக்கு வெறும் வெள்ளிநிற நிற்கும் பவுச், மேலே லேமினேட் செய்த ஸ்டிக்கர், இதுவே என் தேர்வு. லேமினேஷன் இல்லாவிட்டால் எண்ணெய்க் கை பட்டதும் கறை ஊறும். லோகோ மட்டும் ஒரே நிறத்திலும் நிற்க வேண்டும் என்று கேளுங்கள், பிறகு சிலிண்டருக்குப் போகும்போது செலவு குறையும்.

உள்ளே இருப்பது தெரிய ஜன்னல் வைக்கலாமா என்று ஸ்டுடியோ கேட்கும். வேண்டாம். வெளிச்சம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

5. தமிழ் எழுத்து

வாசகங்களை யூனிகோடில் தட்டச்சு செய்து, அதே பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவும் கொடுங்கள். சில டிசைன் மென்பொருள்களில் இந்திய மொழி அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். 'பொரித்த', 'பொட்டுக்கடலை' இரண்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பெரும்பாலும் மற்றவையும் சரியாக இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உண்மை அளவில் அச்சிட்ட தாளைப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

பின்சேர்க்கை: லோகோ யாருடையது?

பணம் கொடுத்துவிட்டால் லோகோ சங்கத்துக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்ற வரியையும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு தர வேண்டும் என்ற வரியையும் பிரீஃபின் கடைசிப் பத்தியில் சேர்த்து, கடைசித் தவணைப் பணத்தை அவை கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.