அம்மாவின் வைப்பில் உண்மையான வட்டி எவ்வளவு?

வெளிநாடு வந்து பயணக் கடன் ஒருவாறு தீர்ந்ததும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் பலர் முதலில் செய்வது ஒன்றுதான். ஊரில் அம்மாவின் பெயரில் பத்து இலட்சம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டு, மாத வட்டி அவருடைய செலவுக்கு ஆகட்டும் என்று விடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். 2021 செப்டெம்பரில், ஆறு வீத வட்டிக்கு. ஒவ்வொரு மாதமும் ஐயாயிரம் ரூபாய் அம்மாவின் புத்தகத்தில் விழும். தொலைபேசியில் கேட்டால், "முதல் அப்பிடியே கிடக்குது தம்பி, நான் வட்டியைத்தான் எடுக்கிறன்" என்பார்.

முதல் அப்படியே கிடந்தது உண்மை. ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் சாமான் அப்படியே இருக்கவில்லை. அடுத்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் பத்து இலட்சத்துக்கு வாங்கிய அதே சாமான்களுக்கு ஏறத்தாழ பதினேழு இலட்சம் தேவைப்பட்டது. அம்மா ஒரு சதமும் எடுக்காமல் வட்டியைச் சேர்த்து வைத்திருந்தால்கூட வைப்பு பத்து இலட்சத்து அறுபதாயிரமாகத்தான் ஆகியிருக்கும். பழைய விலையில் பார்த்தால் அது ஆறே கால் இலட்சத்துக்குச் சமம். மண்ணெண்ணெயை மட்டும் எடுத்துப் பாருங்கள். லீற்றர் 87 ரூபாயாக இருந்தது, 2022 ஓகஸ்டில் 340 ஆனது. மண்ணெண்ணெய் மெசினால் வெங்காயத்துக்கு இறைப்பவர்களுக்கும், கடலுக்குப் போகிறவர்களுக்கும் அது என்ன கணக்கு என்று சொல்லத் தேவையில்லை.

2022 ஒரு விதிவிலக்கு, இனி அப்படி வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரி, வராமலே போகட்டும். எனக்குக் கவலை சாதாரண வருடங்களைப் பற்றித்தான். பெரிய அடி விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். மெதுவாக அரிப்பது பாஸ்புத்தகத்தில் தெரியாது, அதில் எப்போதும் பத்து இலட்சம் என்றே இருக்கும்.

அந்த அரிப்பை அளக்கத்தான் 72 விதி. ஆண்டுக்கு இத்தனை வீதம் என்று வளரும் எதுவும் இரட்டிப்பாக எத்தனை வருடம் எடுக்கும் என்று அறிய, 72ஐ அந்த வீதத்தால் வகுத்தால் போதும். 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இது இருக்கிறது. சரியான கணக்குக்கு 69.3 என்ற எண்தான் அடிப்படை. ஆனால் 72ஐ 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். எட்டு வீதத்தை ஒட்டிய வளர்ச்சிகளுக்கு அது தரும் விடையும் அநேகமாகச் சரியாகவே அமைகிறது. எட்டு வீதம் என்றால் ஒன்பது வருடம்.

இதே விதியை விலைவாசிக்கும் போடலாம். இலங்கை மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு ஐந்து வீதம். 72ஐ ஐந்தால் வகுத்தால் 14.4. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், பதினான்கரை வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகி, ஒரு ரூபாய் அரை ரூபாயாகிவிடும். நீங்கள் இருக்கும் நாட்டிலும் இதே கதைதான், வேகம்தான் குறைவு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் மத்திய வங்கிகளின் இலக்கு இரண்டு வீதம், ஆகவே வட்டியில்லாத கணக்கில் தூங்கும் காசு 36 வருடத்தில் பாதியாகும்.

இப்போது அம்மாவின் வைப்புக்கு வருவோம். பத்து இலட்சம், எட்டு வீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வருட வட்டி எண்பதாயிரம். அதில் வங்கி பத்து வீதம் நிறுத்திவைத்தல் வரி பிடித்தால் (2025 ஏப்ரல் முதல் இதுதான் வீதம்) மிஞ்சுவது எழுபத்திரண்டாயிரம். மாதம் ஆறாயிரம். அம்மாவுக்கு அது ஆறாயிரம் ரூபாய் வருமானமாகத் தெரியும். ஆனால் விலைகள் ஐந்து வீதம் ஏறும் வருடத்தில், பத்து இலட்சத்தின் பெறுமதி குறையாமல் இருக்க வேண்டுமானால் அது பத்து இலட்சத்து ஐம்பதாயிரமாக வளர வேண்டும். ஆகவே எழுபத்திரண்டாயிரத்தில் ஐம்பதாயிரம் முதலைப் பழுதுபார்க்கும் காசு. உண்மையான வட்டி இருபத்திரண்டாயிரம்தான், மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சொச்சம். மீதி நாலாயிரத்துச் சொச்சத்தை அம்மா எடுக்கும்போது, தனக்குத் தெரியாமலே முதலில் இருந்துதான் எடுக்கிறார்.

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சாப்பாடும் மருந்தும் வேண்டும், காசு அதற்காகத்தான். ஆனால் அந்த வைப்பை நம்பி, "பதினைந்து வருடம் கழித்தும் இந்தப் பத்து இலட்சம் இருக்கும், தங்கச்சியின் பிள்ளையின் படிப்புக்கு உதவும்" என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பீர்களானால், அது இன்றைய ஐந்து இலட்சம் என்று இப்போதே எழுதி வையுங்கள். மாத ஆறாயிரத்துக்கும் அன்றைக்கு மூவாயிரத்துக்கான சாமான்தான் வரும்.

வட்டியை எடுக்காமல் விட்டால் கதை மாறும். வரி போக 7.2 வீதம், 72ஐ 7.2ஆல் வகுத்தால் பத்து. பத்து வருடத்தில் இருபது இலட்சம். அதற்குள் விலைகள் 1.63 மடங்காகியிருக்கும், எனவே இன்றைய பெறுமதியில் பன்னிரண்டேகால் இலட்சம். பெரிய இலாபமில்லை, ஆனால் முதல் கரையவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வட்டி முதலோடு சேர்ந்து அதற்கும் வட்டி வந்தால் மட்டுமே 72 விதி பொருந்தும். மாதாமாதம் எடுக்கும் வைப்புக்கு இதைப் போட்டு "ஒன்பது வருடத்தில் இரட்டிப்பு" என்று யாராவது சொன்னால் அது பிழை.

வீதம் மிக உயர்ந்தாலும் விதி பிசகும். 69.8 வீதத்துக்கு அது ஒரு வருடம் என்று சொல்லும், உண்மையில் ஒரு வருடமும் ஏறத்தாழ நான்கு மாதமும் ஆகும். இருபது வீதம் வரை பயமில்லாமல் நம்பலாம்.

அப்புறம், பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியைக் கேட்டு ஏமாற வேண்டாம். 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5 வீதத்துக்குப் போனது. அதற்காக மண்ணெண்ணெய் 87 ரூபாய்க்குத் திரும்பவில்லை. 2022இல் போன பெறுமதி போனதுதான்.

அம்மாவோடு வங்கிக்குப் போகிறவரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை அதிகமில்லை. வைப்பு முதிரும்போது வட்டி முதலோடு சேர்த்துப் புதுப்பிக்கப்படுமா, இல்லை சேமிப்புக் கணக்குக்குப் போகுமா என்று படிவத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் வருமானம் வரி எல்லைக்குக் கீழே என்றால், சுய பிரகடனம் கொடுத்து அந்தப் பத்து வீதத்தைப் பிடிக்காமல் விட முடியுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது வைப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஆறு இலட்சத்தின் வட்டி மாதாமாதம் அம்மாவின் கைக்கு வருகிறது, நாலு இலட்சத்தின் வட்டி முதலோடு சேர்கிறது. அம்மாவுக்குக் குறைகிற காசை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். முதிரும் திகதியை அம்மா நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கிழமை என்னைக் கேட்காமல் கையெழுத்து வைக்கமாட்டார்.