வேலையில் இருந்துகொண்டே ஓராண்டில் டேட்டா சயின்ஸ்: வாரம் பத்து மணி நேரத் திட்டமும், என்னைத் தடுக்கி விட்ட முப்பதாவது வாரமும்

மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கொள்முதல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் டேட்டா சயின்ஸ் படித்தேன். கணினியில் கோப்பைத் திறக்கவும், எக்ஸலில் கூட்டல் போடவும் தெரிந்தவர்களுக்காக, நான் நடந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு மணி நேரம், சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று என வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினேன். இரவில் படிக்க முயன்ற முதல் மூன்று வாரங்களும் வீணாயின. கடையில் பகலெல்லாம் எண்களைப் பார்த்த கண்ணுக்கு இரவில் வேறு எண்கள் ஏறவில்லை. எனவே ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் எழும் நேரத்திலேயே நானும் எழுந்து, நாலே முக்கால் முதல் ஐந்தே முக்கால் வரை படித்தேன். ஆண்டுக்கு 52 வாரங்கள் இருந்தாலும் 48 வாரங்களுக்கு மட்டுமே திட்டமிடுங்கள். மீதி நான்கு வாரங்கள் காய்ச்சலுக்கும், திருமண வீடுகளுக்கும், மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கும் போய்விடும்.

இந்த 480 மணி நேரத்தை நான் பிரித்த விதம் இது. முதல் 12 வாரங்கள் பைத்தான் நிரல்மொழியும், அதில் அட்டவணைத் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் நூலகமும்; அடுத்த 6 வாரங்கள் தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் எஸ்கியூஎல்; அதன்பின் 10 வாரங்கள் புள்ளியியல்; பிறகு 10 வாரங்கள், பழைய தரவிலிருந்து கணிக்கக் கணினியைப் பழக்கும் மெஷின் லேர்னிங்; கடைசி 10 வாரங்கள் சொந்தமாக ஒரே ஒரு திட்டப்பணியும் வேலைக்கு விண்ணப்பிப்பதும். டீப் லேர்னிங்கை முதல் ஆண்டில் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மாறாக எஸ்கியூஎல்லைக் குறைக்கவே கூடாது. எனக்கு நடந்த நேர்காணல்களில் மிகுதியாகக் கேட்கப்பட்டது அதுதான். அதைப் பழக எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். ஒரே கோப்பில் அடங்கிவிடும், சர்வர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி இந்த ஆண்டு முழுவதற்கும் தாங்கும்.

பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் தயார்த் தரவைவிட, நாம் கையாளும் தொழிலின் தரவையே எடுங்கள். நான் முதலாளியின் அனுமதியுடன் மூன்று ஆண்டுக் கொள்முதல் பேரேட்டை, விற்றவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, நாளுக்கு ஒரு வரிசையாக, தேதி, அன்றைய மொத்த எடை என்ற இரண்டே பத்திகளில் தட்டச்சு செய்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக 400 கிலோ ஷீட் வரும். நாளை எத்தனை கிலோ வரும் என்று முன்கணிப்பதே என் கேள்வி. அது தெரிந்தால் கடையில் எவ்வளவு ரொக்கம் வைக்க வேண்டும் என்பது தெரியும். தேதியைப் படிக்கும்போது வடிவத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள், இல்லையெனில் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடக்கூடும். கீழே `pd` என்பது பாண்டாஸ், `df` என்பது நம் அட்டவணை:

```
df["date"] = pd.to_datetime(df["date"], format="%d/%m/%Y")
```

இனி நான் இடறி விழுந்த இடத்துக்கு வருகிறேன். முப்பதாவது வாரத்தில், கடந்த ஆறு வேலை நாட்களின் சராசரி எடையை ஒரு பத்தியாகச் சேர்த்து, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணிப்பு மாதிரியைப் பயிற்றுவித்தேன். பயிற்சிக்கும் சோதனைக்குமான வரிசைகளைக் குலுக்கிப் பிரித்தேன். சராசரிப் பிழை 35 கிலோ என்று வந்தது. இரண்டு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு அந்த மாதிரியைக் கொண்டு மறுநாளுக்கு உண்மையாகவே கணிக்க முயன்றபோது, அந்தச் சராசரிப் பத்தியில் என்ன எண்ணை எழுதுவது என்று தெரியாமல் கை நின்றது. ஏனென்றால் நான் எழுதியிருந்தது இது:

```
df["avg6"] = df["kg"].rolling(6).mean()
```

இந்தச் சராசரியில் கணிக்க வேண்டிய நாளின் எடையும் சேர்ந்தே இருக்கிறது. விடையில் ஆறில் ஒரு பங்கைக் கேள்வித்தாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். முந்தைய நாளோடு நிற்கும் சராசரிதான் வேண்டும்:

```
df["avg6"] = df["kg"].shift(1).rolling(6).mean()
```

குலுக்கிப் பிரித்ததும் தவறே. எங்கள் பகுதியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையுதிர்வால் வெட்டு நின்று வரத்துச் சுருங்கும். குலுக்கினால் அந்த மாதத்தின் செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்குப் போக, புதன் சோதனைக்கு வரும்; மாதிரி எதிர்காலத்தைக் கணிப்பதில்லை, நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புகிறது. எனவே முதல் இரண்டரை ஆண்டுகளைப் பயிற்சிக்கும், கடைசி ஆறு மாதங்களைச் சோதனைக்கும் வைத்தேன். பிழை 96 கிலோவாக உயர்ந்தது.

அந்த 96 நல்லதா கெட்டதா என்று எப்படி அறிவது? எந்த மாதிரியும் இல்லாமல், சென்ற வாரம் நாளைய கிழமையில் வந்த எடையே நாளையும் வரும் என்று எழுதிப் பாருங்கள். எனக்கு அதன் பிழை 88 கிலோ. அதாவது ஏழு மாதம் படித்துச் செய்த மாதிரி, பழைய பேரேட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டுவதைவிட மோசமாக இருந்தது. இந்த ஒப்பீட்டை முதல் நாளே செய்யுங்கள், மாதிரியின் பிழை இதைவிட மிகவும் குறைவாக வந்தால், விடை எங்கோ கசிகிறது என்று சந்தேகித்து, ஒவ்வொரு பத்தியையும் பார்த்து, "முந்தைய நாள் மாலையில் இந்த எண் என் கையில் இருந்திருக்குமா?" என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியே மழைப் பத்தியையும் திருத்தியது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் மழையளவு உதவும் என்று நினைத்து, கொள்முதல் நாளின் மழையையே சேர்த்திருந்தேன். நாளைய மழை இன்று மாலையில் தெரியாது. மேலும், மழை வெட்டைத்தான் தடுக்கும். எடுத்த பால் உறைந்து, ஷீட்டாகி, புகைப்புரையில் காய்ந்து கடைக்கு வரச் சில நாட்கள் ஆகும். ஆகவே நான்கு முதல் எட்டு நாட்களுக்கு முந்தைய மழையின் கூட்டுத்தொகையைச் சேர்த்தேன். பிழை 79 கிலோவுக்கு இறங்கியது. பின்னர் திருவனந்தபுரத்தில் எனக்கு அனலிஸ்ட் வேலை கொடுத்தவர்கள், நேர்காணலில் பாதி நேரத்தை இந்த 35, 96, 88, 79 என்ற நான்கு எண்களைப் பற்றியே கேட்டார்கள்.

பின்னர் சேர்த்தது: குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர், வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்று தம் தரவில் `shift(6)` போட்டால் சென்ற வாரத்தின் அதே கிழமை வரவில்லை என்று எழுதினார். அவர் சொன்னது சரி. `shift` வரிசைகளைத்தான் நகர்த்தும், நாட்களை அல்ல. இடையில் ஒரு பண்டிகை விடுமுறை வந்தாலே கிழமை மாறிவிடும். முதலில் நாள்வாரியாகக் கூட்டி, எல்லா நாட்களையும் நாட்காட்டிப்படி நிரப்பிக்கொண்டு, பிறகு ஏழு நாள் நகர்த்துங்கள்:

```
daily = df.groupby("date")["kg"].sum().asfreq("D")
prev_week = daily.shift(7)
avg7 = daily.shift(1).rolling(7, min_periods=4).mean()
```

இப்படிச் செய்யும்போது ஞாயிறும் விடுமுறைகளும் வெற்றிடமாக நிற்கும். அவற்றில் பூஜ்யத்தை நிரப்பாதீர்கள்; கடை மூடியிருந்த நாளும், கடை திறந்திருந்தும் ஷீட் வராத நாளும் ஒன்றல்ல.