கட்டண உயர்வுக் கடிதம்: பிளாக் எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனங்களுக்கு மாதாமாதம் பிளாக் கட்டுரை எழுதித் தருபவர்கள் கட்டணத்தை உயர்த்தும்போது, அந்தக் கடிதத்தைப் பெரும்பாலும் ஒரே ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறார்கள். தினமும் வாட்ஸப்பில் பேசுகிற மார்க்கெட்டிங் மேனேஜர்தான் அவர். அவருக்கு நம் உழைப்பு தெரியும், சொல்லாமலே பல விஷயம் புரியும். ஆனால் பணத்துக்கு ஒப்புதல் தருவது பல நிறுவனங்களில் வேறொருவர். மேனேஜர் கடிதத்தை முதலாளிக்கோ அக்கவுண்ட்ஸுக்கோ அனுப்பிவைப்பார். அங்கே படிப்பவருக்கு நம் பெயர் பில்லில் வருகிற ஒரு வரி, அவ்வளவுதான். இதை மறந்து எழுதுவதால்தான் முக்கால்வாசித் தவறுகள் வருகின்றன.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2022 ஏப்ரலில் இருந்து மாதம் 4 கட்டுரைகள், ஒன்றுக்கு ரூ. 2,000. பேசியபோது 800 சொற்கள் என்றுதான் பேச்சு. இப்போது 1,200 சொற்கள் போகிறது. அதோடு எஸ்இஓ கீவேர்ட் பார்ப்பது, தேடல் முடிவில் தெரியும் குறுவிவரம் எழுதுவது, படம் தேர்ந்தெடுப்பது, வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றுவது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன. 2026 ஏப்ரலில் இருந்து ரூ. 2,500 கேட்க வேண்டும்.

இங்கே நடக்கும் முதல் தவறு, காரணத்தை நம் வீட்டிலிருந்து சொல்வது. வாடகை ஏறிவிட்டது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது என்று எழுதுவார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும், மேனேஜர் இரக்கப்படவும் செய்வார். ஆனால் அந்த வரியை அவர் முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல முடியாது. "அன்று 800 சொற்கள், இன்று 1,200 சொற்களோடு வேர்ட்பிரஸ் வேலையும்" என்பதைச் சொல்ல முடியும். அதனால் எழுத உட்காரும் முன் பழைய மெயில்களைத் திறந்து, முதலில் என்ன பேசினோம், இப்போது என்ன செய்கிறோம் என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை கூடவே இல்லை, நான்கு வருடமாக ஒரே கட்டணம் என்பதுதான் காரணம் என்றால் அதையும் ஒரே வரியில் நேராகச் சொல்லலாம். அதுவும் கௌரவமான காரணம்தான். அதற்குமேல் நியாயம் பேசப் போனால் சந்தேகம்தான் வரும்.

இரண்டாவது தவறு எண்ணில். "கட்டணத்தில் சிறு மாற்றம்" என்று மட்டும் எழுதுவது, அல்லது "25 சதவீதம் உயர்வு" என்று சதவீதத்தில் நிறுத்திவிடுவது. 25 என்ற எண்ணைப் பார்த்ததும் படிப்பவர் முகம் சுளிப்பார். உண்மையில் அந்தக் கம்பெனிக்கு மாதச் செலவு ரூ. 8,000-இல் இருந்து ரூ. 10,000 ஆகிறது. இந்த இரண்டு தொகைகளையும் எழுதிவிட்டால் அக்கவுண்ட்ஸுக்கு வேறு கேள்வி இருக்காது. வரி விஷயத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுங்கள். தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கில் வைத்து, வருடத்தில் ரூ. 50,000-க்கு மேல் போனால் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். ரூ. 10,000 பில்லுக்கு கையில் வருவது ரூ. 9,000. சிலர் இந்த ஆயிரத்தையும் கட்டணத்தில் ஏற்றிக் கேட்கிறார்கள். டிடிஎஸ் என்பது நம் பெயரில் முன்கூட்டியே கட்டப்படும் வருமான வரி, கணக்குத் தாக்கல் செய்யும்போது நமக்கே வரவு ஆகிறது. அதைக் கம்பெனியிடம் கேட்பது சரியில்லை. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் "18 சதவீதம் ஜிஎஸ்டி தனி" என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் பத்தாயிரத்துக்குள்ளேயே வரியும் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது தேதி. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் நல்ல உறவுகூடக் கசந்துபோவது இந்த இடத்தில்தான். "ஏப்ரல் 1 முதல்" என்று எழுதினால் போதும் என்று தோன்றும். மார்ச் 20-இல் தலைப்பு உறுதியாகி, ஏப்ரல் 3-இல் ஒப்படைத்து, ஏப்ரல் 10-இல் வெளியான கட்டுரைக்கு எந்தக் கட்டணம்? நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், அவர்கள் ஒன்று நினைப்பார்கள். தலைப்பு உறுதியான தேதிதான் கணக்கு என்று எழுதுவது வாடிக்கையாளருக்கு நியாயமானது. ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: மார்ச் 30 அன்று இருபது தலைப்புகளை மொத்தமாக அனுப்பிவிடலாம். அதனால் "வழக்கமான மாத அளவான 4 கட்டுரைகள் வரை" என்று ஒரு வரம்பும் சேர்க்க வேண்டும். அறிவிப்பையும் ஒன்றரை மாதம் முன்னால், பிப்ரவரி நடுவிலேயே அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு பட்ஜெட் போடும் நேரம் அது. மார்ச் கடைசியில் போனால் "இந்த வருடம் ஒதுக்கியாகிவிட்டது" என்ற பதில் வரும். முன்னறிவிப்பே இல்லாமல் பில்லில் புதுத் தொகையைப் போட்டு அனுப்புவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் மேடம்,

2026 ஏப்ரல் 1 முதல் ஒரு கட்டுரைக்கான என் கட்டணம் ரூ. 2,000-இல் இருந்து ரூ. 2,500 ஆகிறது. மாதம் 4 கட்டுரைகளுக்கு ரூ. 8,000 என்பது ரூ. 10,000 ஆகும். டிடிஎஸ் வழக்கம்போல்.

2022-இல் 800 சொற்கள் கொண்ட கட்டுரைக்கு ரூ. 2,000 என்று பேசினோம். இப்போது 1,200 சொற்கள், கீவேர்ட், குறுவிவரம், படத்தேர்வு, வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றுவது ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன.

மார்ச் 31-க்குள் தலைப்பு உறுதியாகும் கட்டுரைகளுக்கு, 4 வரை, பழைய கட்டணமே. ரூ. 2,000-இலேயே தொடர விரும்பினால், 800 சொற்களில் கட்டுரையை மட்டும் வேர்ட் ஃபைலாகத் தருகிறேன்.

எது வசதி என்று மார்ச் 10-க்குள் சொன்னால் ஏப்ரல் வேலையைத் திட்டமிட உதவியாக இருக்கும். இத்தனை வருடம் என்னை நம்பி வேலை கொடுத்ததற்கு நன்றி."

இதில் மன்னிப்பு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "தவறாக நினைக்க வேண்டாம்", "உங்களுக்குச் சரியென்றால் மட்டும்" என்று எழுதுவதை நம்மில் பலர் மரியாதை என்று நினைக்கிறோம். கடிதத்தைப் படிக்கும் முதலாளிக்கு அது பேரம் பேச வைத்த இடமாகத் தெரியும். மரியாதை முன்கூட்டியே சொல்வதிலும், பழைய விலையில் ஒரு வழியைத் திறந்து வைப்பதிலும் இருக்கிறது. அந்த வழியில் வேலையும் குறைகிறது என்பது முக்கியம். அதே வேலையை அதே விலைக்குத் தருவேன் என்றால் உயர்வுக்கே பொருள் இல்லை.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே கடிதத்தைக் காப்பி செய்து அனுப்புவதும் வேண்டாம். கட்டணமும் வேலையும் ஆளுக்கு ஆள் வேறு, பெயர் மாறிப் போனால் அதைவிடச் சங்கடம் இல்லை.

"கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று போன் வந்தால் அந்த நிமிடமே தொகையைக் குறைக்காதீர்கள். எந்த வேலையை விட்டுவிடலாம் என்று கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அதே மெயிலின் கீழ் நினைவூட்டுங்கள். அவர்கள் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் கம்பெனி என்றால், புதுத் தொகையோடு திருத்திய ஆர்டர் வந்த பிறகே ஏப்ரலின் முதல் கட்டுரையைத் தொடங்குங்கள். பழைய ஆர்டர் எண்ணில் ரூ. 10,000-க்கு பில் போனால், யார் சம்மதித்திருந்தாலும் அக்கவுண்ட்ஸ் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.